முந்திக்கொண்டு கலாய்ப்பது

கேள்வி: எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் எப்போதும் என்னைத்தான் ஓட்டுவார்கள். அதனால் அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நானே என்னைக் கலாய்த்துக்கொண்டுவிடுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளத் தெரியாதவனா நான்?

பதில்: இல்லை. ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் 2003-ல் நகைச்சுவைப் பாணிகளை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 32 வாக்கியங்கள், பாணிக்கு 8. கூட்டத்தைச் சேர்த்துச் சிரிக்க வைப்பது நட்புப் பாணி. கஷ்டத்திலும் வேடிக்கையைக் கண்டு தன்னைத் தேற்றிக்கொள்வது இரண்டாவது. அடுத்தவரைக் குத்துவது தாக்கும் பாணி. மற்றவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னையே மட்டம் தட்டிச் சிரிக்க வைப்பது நான்காவது. உள்ளே வருத்தத்தை வைத்துக்கொண்டு, நெருங்கிய நண்பனுக்குக்கூடத் தெரியாதபடி ஜோக்கால் மூடுவதும் இந்த நான்காவதில்தான் வரும். நீங்கள் சொல்வது இதைத்தான்.

ஒரே சம்பவத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மூன்றாவது நேர்காணலிலும் ஒருவருக்கு வேலை கிடைக்கவில்லை. "என்னை எவன்டா எடுப்பான்? வாட்ச்மேன் உள்ளே விட்டதே பெரிசு" என்று அவரே சொன்னால் தன்னைத் தாழ்த்துவது. "இவனைப் பார்த்ததும் அந்த வேலையையே ரத்து பண்ணிட்டாங்களாம்" என்று நண்பன் சொன்னால் தாக்குவது. "மூணு இடத்திலயும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, நாலாவது இடத்துல கேள்வியை நானே சொல்லிடுவேன்" என்பது தேற்றிக்கொள்வது. "அடுத்த தடவை எல்லாரும் சேர்ந்து போவோம்டா, அஞ்சு பேர் பதிலையும் கூட்டினா ஒரு ஆளுக்கு ஆகும்" என்பது நட்பு. முதல் வாக்கியத்தில் அடி விழுவது ஆளின் மதிப்பின் மேல். மூன்றாவதில் நடந்த விஷயத்தின் மேல். இரண்டுமே அவரைப் பற்றிய ஜோக்தான், ஆனால் ஒன்றல்ல. தனியாக இருக்கும்போதும் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். தேற்றிக்கொள்ளும் ஜோக் ஆளில்லாத அறையிலும் வேலை செய்யும். தாழ்த்திக்கொள்ளும் ஜோக்குக்குக் கூட்டம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அது கசப்பதில் ஆச்சரியம் இல்லை.

இது நட்பை எப்படிக் கெடுக்கிறது? நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வதால், அந்த விஷயத்தைத் தொடலாம் என்று கூட்டம் புரிந்துகொள்கிறது. முந்திக்கொண்டால் அடி குறையும் என்பது உங்கள் கணக்கு. நடப்பது வேறு: தொடக்க வரியை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள், அவர்கள் அடுத்த வரியைப் பாடுகிறார்கள். இன்னொன்று, உங்கள் ஜோக்குக்குப் பின் நல்ல நண்பனுக்கும் வழி இல்லை. சிரித்தால் அதை ஒத்துக்கொண்டதாகும், சிரிக்காமல் "என்னடா ஆச்சு?" என்று கேட்டால் கச்சேரியைக் கெடுத்தவனாவான். ஆறுதல் சொல்லக்கூடிய ஒருவரையும் நீங்களே ரசிகனாக்கிவிட்டீர்கள்.

தன்னைத் தாழ்த்தும் பாணியில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகவும், சுயமதிப்பு குறைவாகவும் இருந்ததை 2003 ஆய்வு காட்டியது. தாக்கும் பாணிக்கும் மனச்சோர்வுக்கும் அப்படிச் சொல்லும்படியான தொடர்பு இல்லை. ஓட்டுகிறவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜோக்தான் நோய்க்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஜூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹைன்ட்ஸும் ரூக்கும் அந்தக் கேள்வித்தாளின் வாக்கியங்களிலிருந்து நகைச்சுவையையும் மற்ற பகுதியையும் பிரித்துச் சோதித்தார்கள். கெடுதலோடு தொடர்புள்ளது பெரும்பாலும் "என்னையே மட்டம் தட்டுகிறேன்" என்ற பகுதிதான், சிரிப்பு அல்ல என்று தெரிந்தது. ஆகவே நீங்கள் சிரிக்க வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இனி ஓட்டுகிறவர்கள். "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்டா" என்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கேலி செய்கிறவருக்குத் தன் நல்லெண்ணம் உள்ளே தெளிவாகத் தெரிகிறது, கேலிக்கு ஆளானவருக்கோ வெளியே வந்த சொல் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் ஒரே கேலி ஒருவருக்கு விளையாட்டாகவும் மற்றவருக்குக் காயமாகவும் படுகிறது. எழுத்தில் இது இன்னும் மோசம். மின்னஞ்சலில் எழுதிய நக்கல் நக்கலாகவே புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பிய அளவுக்குப் பெற்றவர்களுக்குப் புரியவில்லை. குரலும் முகமும் கழன்றுபோனால் மிஞ்சுவது குத்தல் மட்டுமே. குழுச் செய்தியில் எமோஜி போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

ஓட்டுவது எல்லாமே கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. இருபக்கமும் பந்து போய் வந்துகொண்டிருந்தால், மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லறை விஷயங்களில் நின்றால், முகம் மாறியதும் நிறுத்தினால் அது நெருக்கத்தின் அடையாளம்தான். உங்கள் கூட்டத்தில் பந்து ஒரே பக்கம் விழுகிறது. அடுத்த சில சந்திப்புகளில் கவனியுங்கள்: யாரை எத்தனை முறை, எந்த விஷயத்தில்? ஒரே ஆள், ஒரே விஷயம் என்றால் அதற்குக் கேலி என்று பெயர் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், முந்திக்கொள்வதை நிறுத்துங்கள். கை பரபரக்கும், பரவாயில்லை. ஜோக் வந்தே தீரும் என்றால் சம்பவத்தின் மேல் போடுங்கள், உங்கள் தகுதியின் மேல் வேண்டாம். அவர்கள் ஆரம்பித்தால் பதில் ஜோக்கும் வேண்டாம், கோபமும் வேண்டாம். சிரிக்காமல், "சரி, அப்புறம்?" என்று பேச்சை மாற்றுங்கள். சிரிப்பு கிடைக்காத வரி அநேகமாக இரண்டாம் முறை வராது.

அதோடு நிற்கவில்லை என்றால், வழக்கமாக ஆரம்பிக்கிற ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். கூட்டத்தில் சொல்லாதீர்கள், அதுவே அடுத்த வாரத்து ஜோக்காகிவிடும். சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள், இத்தனை நாள் சிரித்ததால்தான் அவருக்குத் தெரியவில்லை. அவர் எண்ணத்தைப் பற்றியும் வாதிடாதீர்கள், "நான் அப்படி நினைக்கவே இல்லை" என்பார், அது உண்மையாகவும் இருக்கும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், உதாரணத்துக்கு: "வேலை விஷயத்தை விட்டுடுடா, மத்ததுக்கு எவ்வளவு வேணா ஓட்டு."

முதலில் ஒன்றிரண்டு முறை அவருக்கு வாய் தவறலாம். பழக்கதோஷம், பாதியில் நிறுத்திக்கொண்டாலே போதும். எத்தனை முறை சொன்ன பிறகும் அதே இடத்தைத் தேடித் தொடுகிறவருக்கு மட்டும் "தெரியாமல் சொன்னான்" என்ற சலுகை கிடையாது.