கொலுப்படிக்குக் கீழே ஒரு காவிரி

கேள்வி: எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். மாமியார் காலத்து மண் பொம்மைகளை வைத்து ஏழு படி கொலு வைக்கிறோம். பெண்ணுக்கு ஏழு வயது. "தொடாதே, தொடாதே" என்று சொல்லியே போன வருஷம் ஒன்பது நாளும் போய்விட்டது. இந்த வருஷம் அவளையும் சேர்த்து ஏதாவது ஒரு தீம் வைக்கலாமா? என்ன கதை சொல்லலாம்?

பதில்: படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், தரையை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய மண் பொம்மைகள் கழுத்திலும் மணிக்கட்டிலும்தான் முதலில் உடையும். குழந்தைகள் தூக்குவதும் அந்தக் கையைப் பிடித்துத்தான். படிக்கு முன்னால் நான்கரை அடி நீளம், இரண்டு அடி அகலம் இடம் ஒதுக்கிவிட்டால் சண்டைக்கு வழியில்லை. அங்கே மரப்பாச்சி, சொப்புச் சாமான், காகிதக்கூழ் பொம்மை, அவளே செய்தது எல்லாம் வரட்டும். மண் பொம்மை ஒன்றிரண்டு வேண்டுமென்றால், ஒரு கை பீடத்துக்கு அடியிலும் ஒரு கை முதுகிலும் வைத்துத் தூக்கப் பழக்குங்கள்.

தீம் என்றதும் கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் மைதானம் என்று பலரும் தேடுகிறார்கள். அவை முதல் நாளே முடிந்துவிடும். அடுக்கியபின் குழந்தைக்கு எட்டு நாள் வேலையே இருக்காது, அப்போதுதான் கை படிக்குப் போகும். அதனால் தினம் கொஞ்சம் வளர்கிற காட்சிதான் இந்த வயதுக்குச் சரி. உங்கள் ஊருக்குக் காவிரியை விட நல்ல தீம் கிடையாது.

நீலத் துணி ஒன்றை அரை அடி அகலத்தில், நான்கு அடி நீளத்துக்கு வெட்டிப் பாய் மாதிரி சுருட்டி வையுங்கள். தினமும் காலையில் அவள் கையால் ஒரு சாண் விரிக்க வேண்டும். ஏழு வயதுக் கையின் சாண் ஐந்து அங்குலம் வரும், ஒன்பது நாளில் நதி கடலைத் தொட்டுவிடும். தலைக்காவிரி, ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் என்று நாளுக்கு ஓர் ஊர். ஒகேனக்கலுக்கு ஒரு செங்கல்லின் மேலிருந்து துணியைத் தொங்க விட்டால் அருவி. மேட்டூருக்கு ஒரு அட்டைச் சுவர். 1934-இல் கட்டி முடித்த அணை, ஜூன் 12-ஆம் தேதி திறப்பதுதான் வழக்கம் என்ற இரண்டு செய்தி அங்கே போதும். முக்கொம்பில் இன்னொரு துண்டுத் துணியைப் பிரித்துவிட்டால் அது கொள்ளிடம், நடுவில் வரும் திட்டுதான் ஸ்ரீரங்கம். பள்ளிக்கூட வரைபடத்தில் புரியாதது இங்கே ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

நிஜத் தண்ணீர் வேண்டாம். கசிந்தால் மண் பொம்மையின் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு நாளில் சாயம் கீழிருந்து பொரிந்து எழும். கரைக்கு மணல் போட்டாலும் உலர்ந்த மணலாகப் போட்டு, பொம்மைக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டோ தடித்த அட்டையோ வையுங்கள்.

கதைகளில் முதல் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் உரியவற்றைத்தான் நன்றாகச் சொல்ல வேண்டும். சீர்காழியில் இந்திரன் வளர்த்த நந்தவனம் மழையில்லாமல் வாடுகிறது. தண்ணீரோ அகத்தியரின் கமண்டலத்துக்குள் இருக்கிறது. பிள்ளையார் காக்கையாக வந்து கமண்டலத்தைத் தட்டிவிடுகிறார், காவிரி ஓடுகிறது. கோபத்தோடு அகத்தியர் துரத்த, காக்கை சிறுவனாகிவிடுகிறது. அவன் தலையில் அவர் குட்டுகிறார். ஸ்ரீரங்கத்தில் விபீஷணன் ரங்கநாதரை இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில், காவிரியில் நீராடுவதற்காக ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். சிறுவன் தரையில் வைத்துவிடுகிறான், பெருமாள் அங்கேயே தங்கிவிடுகிறார். விபீஷணனும் துரத்துகிறான். மலையுச்சி வரை ஓடிய சிறுவனைப் பிடித்துக் குட்டினால் அவர்தான் திருச்சி உச்சிப்பிள்ளையார்.

இரண்டு கதைக்கும் ஒரே பிள்ளையார் பொம்மையை வையுங்கள். ஐந்தாம் நாள் "அந்தப் பையன் யாரு தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தினால், "அதே பிள்ளையார்தானே அம்மா, மறுபடியும் குட்டு வாங்கப் போறாரா?" என்று அவளே சொல்லிவிடுவாள். அப்படி முன்கூட்டியே ஊகிக்க வைக்கிற கதைதான் இந்த வயதில் மனதில் நிற்கும். சுண்டல் வாங்க வருகிற மாமிகளிடம் அவளே சொல்லவும் வரும். யார், என்ன வேண்டும், என்ன தடை, எப்படி முடிந்தது என்று நாலு வாக்கியம் போதும். அதற்கு மேல் நீட்டினால் கேட்பவர்களும் எழுந்துவிடுவார்கள், அவளும் குழம்பிவிடுவாள்.

கல்லணையில் கதையைவிடக் கைவேலை நல்லது. கிண்ணத்தில் ஈர மணலைக் கூழாகக் குழைத்துக் கூழாங்கல்லை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். முதல் கல் அமிழும், அதன் மேல் போட்டதும் கொஞ்சம் அமிழும், பிறகு நிற்கும். கரிகாலன் காலத்து அணையை இப்படித்தான் பாறைகளை மணலில் இறங்க விட்டு, இடையில் களிமண் வைத்துக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். கும்பகோணத்து நாளில் தீப்பெட்டியால் உங்கள் வீட்டையே செய்து கரையில் வையுங்கள். மயிலாடுதுறைக்கு முடவன் முழுக்கு: ஐப்பசி முழுக்குக்குக் கிளம்பிய கால் முடியாதவர் கார்த்திகை முதல் தேதிதான் வந்து சேர்ந்தார், அவருக்காக அந்த ஒரு நாளும் சேர்ந்தது.

நாற்றங்கால் ஒன்றும் வேண்டும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே ஒரு கைப்பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் இன்னொரு நாள் கட்டி வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் சேறு பரப்பித் தூவுங்கள். தண்ணீர் தேங்கினால் முளை அழுகும், சேறு பளபளவென்று ஈரமாக இருந்தால் போதும். கூடத்திலேயே வைத்தால் வெளுத்து நெட்டையாகச் சாய்ந்துவிடும். காலையில் வாசல் வெயிலில் வைத்து மாலையில் உள்ளே எடுங்கள். தட்டின் அடியைத் துடைத்து, பொம்மைகளை விட்டுத் தள்ளி வையுங்கள். விஜயதசமிக்குள் மூன்று நாலு அங்குலம் வந்துவிடும்.

படியில் இரண்டு எச்சரிக்கை. மேல்படியிலிருந்து கீழே அடுக்கிக்கொண்டு வாருங்கள், கீழிருந்து தொடங்கினால் எட்டி வைக்கும்போது அடுக்கியது சரியும். வேட்டியின் நுனி தரையில் தொங்கக் கூடாது. குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடும்போது அதன் மேல் உட்காரும், எழுந்தால் இழுபடும். நுனியைக் கடைசிப் படிக்கு அடியில் மடித்துச் செருகி ஊசி குத்துங்கள். குத்துவிளக்கு அவள் பாவாடை படாத பக்கம், படிக்கு ஓரமாக இருக்கட்டும்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது அவள் வேலை. மறுநாள் பழைய பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் உள்ளே வியர்த்துச் சாயம் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பெட்டியில் எது என்ற சீட்டை அவளை எழுதச் சொல்லுங்கள். நாற்றை வேலியோரம் ஒரு தொட்டியில் பிடுங்கி நடலாம். நீலத் துணியைக் கடலிலிருந்து மலை வரைக்கும் அவளே சுருட்டட்டும்.