தலை அண்ணாந்தால் கஞ்சி எங்கே போகும்?

"என் மகனுக்கு 7 வயது, பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். மடியில் படுக்கவைத்துத்தான் பாலாடையில் கஞ்சியும் பாலும் கொடுக்கிறேன். அடிக்கடி புரையேறுகிறது, மாசம் தவறாமல் சளிக் காய்ச்சல் வருகிறது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தண்ணீர் குடித்தாலே இருமல். ரெண்டு பேருக்கும் எப்படிச் சாப்பாடு கொடுப்பது, எப்போது பயப்பட வேண்டும் மேடம்?"
(தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்)

புரையேறுவதைவிட அந்த மாசாமாசக் காய்ச்சல்தான் எனக்குப் பெரிய கவலை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தொண்டையில் முன்பக்கம் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் உணவுக்குழாய். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள வேண்டும். மூளை முடக்குவாதத்திலும் பக்கவாதத்திலும் இந்த மூடல் ஒரு கணம் தாமதமாகிறது, அல்லது முழுசாக மூடுவதில்லை. அந்த இடைவெளியில் கஞ்சியோ எச்சிலோ நுரையீரலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், அது சளியாகவும் காய்ச்சலாகவும் வெளியே வரும். பனி ஒத்துக்கொள்ளவில்லை, கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் வருஷக்கணக்காக இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது மடியில் படுத்திருக்கும் பையனின் தலையை நினைத்துப் பாருங்கள். கழுத்து பின்னால் சாய்ந்து, முகம் கூரையைப் பார்த்தபடி இருக்கும். மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சுவழி திறக்க வேண்டும் என்றால் முதலுதவியில் என்ன செய்வார்கள்? நெற்றியைப் பின்னால் தள்ளி முகவாயைத் தூக்குவார்கள். ஏறக்குறைய அதே நிலையில் வைத்துத்தான் நாம் பாலாடையில் கஞ்சியைச் சரிக்கிறோம். மூச்சுவழி திறந்திருக்கிறது, பிள்ளை நாக்கால் தள்ளுவதற்கு முன்பே கஞ்சி தன் கனத்தில் தொண்டைக்குள் ஓடிவிடுகிறது. அதனால் முதல் வேலையாக, படுக்கவைத்துக் கொடுப்பதையும் பாலாடையையும் நிறுத்துங்கள். கைக்குழந்தையிலிருந்து அப்படித்தானே கொடுத்தோம் என்று தோன்றும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் தொண்டை கைக்குழந்தையின் தொண்டை மாதிரி இருக்காது. வளர வளரக் குரல்வளை கீழே இறங்கிவிடுவதால் வழி இன்னும் நீளமாகவும் திறப்பாகவும் ஆகிவிடுகிறது.

உட்காரவைக்க வேண்டும் என்றால் உடனே "அவனுக்குத் தலையே நிற்காதே" என்பீர்கள். தலை நிற்பது இடுப்பிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் ரெண்டு சுவர் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே உயரம் குறைந்த ஸ்டூலைப் போட்டு, அவன் இடுப்பு நன்றாக மூலைக்குள் போகும்படி உட்காரவையுங்கள். ரெண்டு சுவரும் தோள்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளும், அதுதான் நமக்கு வேண்டியது. ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தோள் பின்னால் போனால் கழுத்தும் பின்னால் வில்லாக வளையும், உடம்பே விறைத்துக்கொள்ளும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் எல் வடிவில் மடங்கியிருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது; மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் பாதம் முழுதாகப் பதியும். பழைய சேலையை மடித்து இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் கட்டுங்கள், நெஞ்சில் கட்டினால் மூச்சு இறுகும். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். அப்படியும் விறைத்தால் கையால் தலையை முன்னால் அமுக்காதீர்கள், அமுக்கினால் அவன் இன்னும் பலமாகப் பின்னால் தள்ளுவான். தொடைக்கு அடியில் முழங்கால் பக்கமாகச் சுருட்டிய துண்டை வைத்து இடுப்பை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள், பெரும்பாலும் கழுத்து தானாக இளகும். முகம் நேராக, முகவாய் லேசாகத் தாழ்ந்து இருந்தால் போதும். நெஞ்சில் ஒட்டும்வரை குனிந்தால் அதுவும் விழுங்கச் சிரமம்தான்.

நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். நின்றுகொண்டு ஊட்டினால் அவன் உங்களை நிமிர்ந்து பார்ப்பான், அதோடு நாம் செய்த வேலை முழுக்க வீண். அவன் கண்ணுக்கு நேரே, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே உட்காருங்கள். சின்ன ஸ்பூன், அதில் பாதி. கீழிருந்து கொண்டுவந்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிட்டால் தலை பின்னால் போய்விடும். ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறுக்குவான், விடும்வரை காத்திருங்கள். விழுங்கினானா, வாய் காலியா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் தசை சோர்ந்து, கடைசி வாய்கள்தான் வழி தவறும்; மிச்சத்தை அப்புறம் கொடுக்கலாம். சாப்பிட்டதும் படுக்கவைக்காமல் அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் செம்பை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடித்தே பழகியவர்கள் அவர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம்தான் பெரிய ஆபத்து. தண்ணீரே கஷ்டமான திரவம், அது ரொம்ப வேகமாக ஓடும். அண்ணாந்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றின் விளிம்பில், மூக்கு போகும் அளவுக்கு அரைவட்டமாக வெட்டி, முனையை நெருப்பில் காட்டி மழுக்குங்கள். வெட்டாத பக்கத்தில் வாய் வைத்துக் குடித்தால் மூக்கு இடிக்காது, கடைசிச் சொட்டுவரை தலையைத் தூக்காமல் குடிக்கலாம். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் வைத்து ஊட்டாமல் கைப்பிடி உள்ள நாற்காலியில், கால் தரையில் பதிய உட்காரவையுங்கள். உணவைப் பலமான பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். முடிந்ததும் செல்போன் டார்ச் அடித்துப் பலவீனமான கன்னத்தைப் பாருங்கள், அங்கே அரை உருண்டைச் சோறு அவருக்கே தெரியாமல் தங்கியிருக்கும், அப்படியே படுத்தால் அது தொண்டைக்கு இறங்கும். ரெண்டு பேருக்கும் காலையும் இரவும் பல், நாக்கு, ஈறு சுத்தம் செய்யுங்கள். எச்சில் உள்ளே போவதை முழுக்கத் தடுக்க முடியாது, அதோடு கிருமி போவதைக் குறைக்கலாம். மாத்திரையைத் தண்ணீரோடு அண்ணாந்து போடுவது வேண்டாம், பொடி செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

கஞ்சி எவ்வளவு கெட்டி என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல், ஒரே கட்டியாகச் சளக்கென்று விழ வேண்டும், ஸ்பூனில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. கேழ்வரகுக் கூழ் இந்தப் பதத்துக்கு நன்றாக வரும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: எச்சில் பட்டால் மாவுச்சத்து கரைந்து நீர்த்துவிடும். வாயில் வைத்த ஸ்பூனை அதே கிண்ணத்தில் விட்டு விட்டு எடுத்தால், முதலில் கெட்டியாக இருந்த கஞ்சி பத்து நிமிஷத்தில் தண்ணீராகி, கடைசி வாய்களில் புரையேறும். அதனால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். நீரும் திடமும் கலந்தவை இன்னும் மோசம்: பழைய சோறும் நீராகாரமும், வழுக்கும் நுங்கு. நீர் முதலில் ஓடிவிடும், கட்டி பின்னால் வரும். உலர்ந்த புட்டு, கடலை, முறுக்கு ரெண்டு பேருக்கும் வேண்டாம். மீன் கொடுக்கலாம், சாளை மாதிரி முள் நிறைந்தது வேண்டாம். சீலா மாதிரி சதைப்பற்றானதை விரலால் தடவி முள் பார்த்து, குழம்பில் மசித்துக் கொடுங்கள். கெட்டியாகக் கொடுக்கும்போது தண்ணீர் குறைந்துவிடும், நம் வெயிலுக்கு அது ஆபத்து, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? இருமினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். சிலருக்கு உள்ளே போவதே தெரியாது, இருமலே வராது. சாப்பிட்ட பிறகு குரல் நீர் நின்ற மாதிரி களகளவென்று ஒலிக்கிறதா, கண் கலங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா, உதட்டைச் சுற்றி நீலம் தட்டுகிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ நீலம் தட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொண்டை முழுக்க அடைத்துவிட்டால் சத்தமே வராது. இருமவும் முடியாது, அழவும் முடியாது. அந்த நேரத்தில் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், முள்ளைத் தள்ளச் சோற்று உருண்டை கொடுக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இருமல் வருகிறது என்றால் இருமவிடுங்கள். வரவில்லை என்றால் முன்னால் குனியவைத்து, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். போகவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேல் முஷ்டி வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள், கூட இருப்பவர் 108க்குக் கூப்பிடட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, தலை தாழ்த்தி முதுகில் தட்டலும் நெஞ்சில் அழுத்தலும்தான். வயிற்றை அழுத்தி வெளியே வந்திருந்தாலும் அப்புறம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நினைவு போய்விட்டால் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

நான் சொன்னவை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் உள்ளே எவ்வளவு போகிறது என்பது பரிசோதனையில்தான் தெரியும். எக்ஸ்ரேயில் விழுங்குவதையே படமாகப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. அது தேவையா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லுவார், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ஒருவேளை கொஞ்ச காலம் குழாய் வழியாக உணவு கொடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள், நுரையீரல் தேற அது அவகாசம் தரும். பையனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிறப்பு நாற்காலிக்கு மனுக் கொடுங்கள். மாமியாருக்கு மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி கேட்கலாம். போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள்: இருவரும் சாப்பிடுவதைப் பக்கவாட்டிலிருந்து, தலையும் கழுத்தும் தெரிகிற மாதிரி ரெண்டு நிமிஷம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, காய்ச்சல் வந்த தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவமனையில் பிள்ளை வாயே திறக்காவிட்டாலும் பார்க்கிறவருக்கு அது போதும்.