பீட்டா 0.5 என்பதால் கவலையில்லையா?

கேள்வி: எங்களிடம் 14 கம்பெனிகளில் 40 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் உள்ளன. சந்தை சரிந்தால் தாங்க நிஃப்டி புட் வாங்கலாம் என்றிருக்கிறேன். பங்கு ஒவ்வொன்றின் மதிப்பையும் அதன் பீட்டாவால் பெருக்கிக் கூட்டினால் 32.2 லட்சம் வருகிறது. நிஃப்டி 25,000, லாட் 65 என்று வைத்தால் 2 லாட் போதும் என்பது என் கணக்கு. புட்டின் டெல்டா 0.5 தான், அதனால் 4 லாட் வேண்டும் என்கிறான் தம்பி. எது சரி? இதில் 14 லட்சம், என் கணவர் 19 ஆண்டுகளாக வேலை செய்யும் கம்பெனியின் பங்கு. அதை விற்க அவருக்கு மனமில்லை. பீட்டா 0.5 என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை.
— ஒரு வாசகி, கோவை

பதில்: தம்பிக்கும் உங்களுக்கும் இடையிலான வழக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். அது எளிது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: புட் என்பது நிஃப்டி சரிந்தால் மதிப்பு ஏறும் ஒப்பந்தம். எந்த நிலைக்குக் கீழே சரிந்தால் ஈடு என்பது ஸ்ட்ரைக், அதற்குக் கட்டும் விலை பிரீமியம், ஒரே கட்டாக வாங்க வேண்டிய எண்ணிக்கை லாட். நிஃப்டி ஒரு சதவீதம் நகர்ந்தால் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் நகரும் என்பது பீட்டா. நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் மதிப்பு எத்தனை ரூபாய் நகரும் என்பது டெல்டா.

32.2 லட்சத்தை 25,000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 129 வருகிறது. நிஃப்டி ஒரு புள்ளி இறங்கினால் உங்கள் பங்குகளின் மதிப்பு 129 ரூபாய் குறையும் என்று இதற்குப் பொருள். பீட்டா எடையிட்ட டெல்டா என்பது இதுதான். இன்றைய விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் வாங்கும் புட், நிஃப்டி ஒரு புள்ளி இறங்கும்போது அரை ரூபாய்தான் ஏறும். 65 கொண்ட ஒரு லாட்டுக்கு 32.50 ரூபாய். அப்படியானால் இன்று இறங்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஈடுகட்ட 4 லாட் வேண்டும். தம்பி சொல்வது இதைத்தான்.

ஆனால் டெல்டா நின்ற இடத்தில் நிற்பதில்லை. நிஃப்டி இறங்க இறங்க அது 0.5 இலிருந்து 1 நோக்கி நகரும். நிஃப்டி 2,500 புள்ளிகள் இறங்கி அந்த நிலையிலேயே புட் முடிவுக்கு வருகிறது என்று வையுங்கள். பீட்டாக் கணக்குப்படி உங்கள் நட்டம் 3.22 லட்சம். 25,000 ஸ்ட்ரைக்கில் 2 லாட் வைத்திருந்தால் கைக்கு வருவது 3.25 லட்சம், 4 லாட் என்றால் 6.5 லட்சம். இரண்டிலும் பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய சரிவு வந்தால் குடும்பம் தாங்க வேண்டும் என்பது நோக்கமானால் உங்கள் 2 லாட்தான் சரி. தம்பியின் 4 லாட், நாளைக்கு நிஃப்டி ஒரு சதவீதம் இறங்குமோ என்று தூக்கம் கெடுகிறவர்களுக்கு. சரிவு பெரிதானால் அது பாதுகாப்பாக இராது. சந்தை இன்னும் விழட்டும் என்று கட்டிய பந்தயமாகிவிடும். அதற்குப் பிரீமியமும் இரட்டிப்பு. மூன்று மாத புட் 500 ரூபாய் என்று வைத்தால் 2 லாட்டுக்கு 65,000 ரூபாய். ஆண்டுக்கு நான்கு முறை வாங்கினால் 2.6 லட்சம், அதாவது உங்கள் முதலீட்டில் ஆறரை சதவீதம். 4 லாட் என்றால் 13 சதவீதம். எந்தக் குடும்பம் ஆண்டுதோறும் இதைத் தாங்கும்?

வழக்கு முடிந்தது. இனி கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். இதே வரியை வேறு வேறு கையெழுத்தில் பலமுறை படித்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

பீட்டா 0.5 என்றால் ஆபத்து பாதி என்று எடுத்துக்கொண்டீர்கள். பீட்டா அப்படிச் சொல்லவே இல்லை. பங்கின் ஆட்டத்தை நிஃப்டியின் ஆட்டத்தால் வகுத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவால் பெருக்கினால் கிடைப்பதுதான் பீட்டா. நிஃப்டியைவிட இரண்டரை மடங்கு ஆடும் பங்காக இருந்தும், நிஃப்டியோடு ஒட்டுறவு 0.2 மட்டுமே என்றால் பீட்டா 0.5 தான் வரும். அந்தப் பங்கு அமைதியானது என்று இதற்குப் பொருளில்லை. அது தன் போக்கில் ஆடுகிறது, நிஃப்டி புட்டுக்கு அதன் மீது பிடியில்லை என்றுதான் பொருள். நீங்களே பார்க்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கான வாராந்திர ஏற்ற இறக்கச் சதவீதங்களை, பங்குக்கு B பத்தியிலும் நிஃப்டிக்கு C பத்தியிலும் இட்டு இதை எழுதுங்கள்:

```
=SLOPE(B2:B105,C2:C105)
=RSQ(B2:B105,C2:C105)
```

முதலாவது பீட்டா. இரண்டாவது, அந்தப் பங்கின் ஆட்டத்தில் எவ்வளவு பங்கை நிஃப்டி விளக்குகிறது என்பது. ஒட்டுறவு 0.2 என்றால் அங்கே 0.04 வரும். மீதி 96 சதவீத ஆட்டத்துக்கு நீங்கள் வாங்கும் புட் துணை வராது.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனியின் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 180 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய் அளவுக்கு வந்தது. நிஃப்டி இறங்கியது சுமார் 6 சதவீதம். அதே நாள் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? கணவரின் கம்பெனிப் பங்கில் எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 42,000 ரூபாய் என்று உங்கள் பீட்டாக் கணக்கு சொல்லும். உண்மையில் போவது கிட்டத்தட்ட 11 லட்சம். நிஃப்டி 1,500 புள்ளிகள் இறங்கியதற்கு 2 லாட் அதிகபட்சமாகத் தருவது 1.95 லட்சம், அதிலும் சுமார் 1.5 லட்சம் மற்ற 13 கம்பெனிகளின் நட்டத்துக்கே போய்விடும். மோசடிதான் வேண்டும் என்றில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினாலே பங்கு பாதியாகலாம்.

அந்த வாரத்திலேயே கணவரின் சம்பளமும் கேள்விக்குறியாகும் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. வீட்டின் மாத வருமானமும் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் ஒரே வாசலில் நிற்கின்றன. இதற்குப் பெயர் 14 கம்பெனிகளில் பரவிய முதலீடு இல்லை, அம்மா.

விசுவாசத்தைக் கணவர் வேலையில் காட்டட்டும். 19 ஆண்டுகளாகக் காட்டியும் இருக்கிறார், மதிக்கிறேன். ஆனால் சேமிப்பு கம்பெனிக்குச் செய்யும் மரியாதை இல்லை. அது வீட்டில் இருப்பவர்களுக்குப் பட்ட கடன். அவரிடம் நேராகப் பேசத் தயங்கி, அந்தத் தயக்கத்துக்கு நீங்கள் பிரீமியம் கட்டக் கிளம்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அவரைவிட உங்கள் மீதுதான். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர், அந்த 14 லட்சத்தை 7 லட்சமாகச் சுருக்கி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. அந்தப் பங்கை 14 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தவை என்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. மார்ச்சில் பாதி, ஏப்ரலுக்குப் பிறகு பாதி என்று விற்றால் அந்த விலக்கு இரண்டு முறை கிடைக்கும். கம்பெனியின் உள்விவரம் அறிந்தோர் பட்டியலில் கணவர் இருந்தால், காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவர் விற்க முடியாது. பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் அதே தடைதான். தேதியையும், முன் அனுமதி வேண்டுமா என்பதையும் கம்பெனிச் செயலரிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

விற்ற பணத்தை வைப்புத் தொகையில் போட்டால் பீட்டாக் கூட்டுத்தொகை 27.2 லட்சமாகிறது, நிஃப்டி கணக்கில் 109. ஒரு லாட் வாங்கினால் பெரிய சரிவில் ஐந்தில் மூன்று பங்குக்கு ஈடு கிடைக்கும். நானாக இருந்தால் அத்தோடு நிறுத்துவேன். மீதியை அந்த வைப்புத் தொகை தாங்கும். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் கணவரோடு பேச்சு, பிறகு விற்பனை. புட் வாங்குவது அதற்கும் பிறகு, அன்றைய லாட் அளவையும் பீட்டாக்களையும் மறுபடி பார்த்துவிட்டு.