மையம் இல்லாத வட்டத்தில் முதலில் எதைப் பிடிப்பது?

போன வாரம் ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அம்மா ஐந்தாம் படிவம் படிக்கும் மகனோடு வந்தார். வட்டக் கணக்கில் மதிப்பெண் போன தாளை மேசையில் விரித்தார். "பெரியப்பா டாக்டருக்குத்தான் படிக்கணும்னு சொல்றார். நாலு பாடத்துக்கும் டியூஷன் போட்டுடலாமா சார்?"

வேண்டாம் அம்மா என்றேன். பையனுக்கு நில அளவையில் ஆசை. பாலிடெக்னிக்கில் ஜியோமேட்டிக்ஸ் டிப்ளோமா இருக்கும்போது, பெரியப்பாவின் ஆசைக்காக நீங்கள் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டியூஷனும் அப்படித்தான். தேற்றங்கள் அவனுக்குத் தெரியும். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் சறுக்குகிறான்.

கணக்கு இது. வெளியே உள்ள P-யிலிருந்து ஒரு தொடுகோடு வட்டத்தை T-யில் தொடுகிறது. இன்னொரு கோடு A, B வழியாக வட்டத்தை வெட்டிப் போகிறது. PA = 4, PB = 9, AT = 5. PT, TB எவ்வளவு?

அவன் உடனே மையம் O-வைக் குறித்து, OT-யை இணைத்து, 90° போட்டு அங்கேயே நின்றுவிட்டான். மையமோ ஆரமோ கேள்வியில் இருந்தால் அது சரியான தொடக்கம். இங்கே இரண்டும் இல்லை. கொடுத்தது நீளம், கேட்பதும் நீளம். அப்படியென்றால் வடிவொத்த முக்கோணங்களைத் தேட வேண்டும், அதற்கு இரண்டு சோடி சம கோணங்கள் போதும்.

P-யில் உள்ள கோணம் PAT, PTB என்ற இரண்டு முக்கோணங்களுக்கும் பொது. இரண்டாவது சோடியைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். வகுப்பில் 'தெம்பெரெங் செலாங்-செலி' என்று மலாயில் படித்த தொடுகோடு-நாண் தேற்றத்தைக் கோணம் கேட்டால் மட்டுமே நினைக்கிறார்கள். தொடுபுள்ளியிலிருந்து ஒரு நாண் கிளம்பினாலே அது நினைவுக்கு வர வேண்டும். இங்கே நாண் TA. அது தொடுகோட்டோடு செய்யும் கோணம் PTA, நாணுக்கு அந்தப் பக்கம் B-யில் உள்ள கோணம் PBT-க்குச் சமம்.

இனி முனைகளை வரிசை மாறாமல் எழுத வேண்டும்: முக்கோணம் PAT-க்கு வடிவொத்தது PTB.

PA/PT = PT/PB = AT/TB

PT² = 4 × 9 = 36, ஆக PT = 6. பிறகு 4/6 = 5/TB, ஆக TB = 7.5.

வரிசை தவறி PA/PB = AT/TB என்று எழுதினால் TB = 11.25 வரும். தவறு என்று எப்படித் தெரியும்? AB = 9 − 4 = 5, AT-யும் 5. முக்கோணம் ABT-யில் மூன்றாவது பக்கம் 10-ஐத் தாண்ட முடியாது. இதைக் காட்டியதும் பையன் தானே பென்சிலை எடுத்துத் திருத்தினான்.

இரண்டு வாரம் டியூஷன் இல்லாமல் விடுங்கள் அம்மா. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் 'மையம் உண்டா, கேட்பது கோணமா நீளமா' என்று எழுதிவிட்டுப் போடட்டும். அப்புறம் தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பம் திறந்ததும் UPUOnline-இல் ஜியோமேட்டிக்ஸை முதல் தேர்வாக அவனே நிரப்பட்டும். பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன்.