பெட்டி பிரிக்கும்போது எடுக்கும் காணொளி: உடைந்த டிவிக்கும் விடுபட்ட பொருளுக்கும் சான்று – கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிவி பழுதுநீக்கும் தொழிலில் இருக்கிறேன். இணையத்தில் வாங்கிய பொருள் உடைந்து வந்து, மாற்றித் தர மறுக்கப்பட்டவர்களுக்குப் புகார் எழுத உதவியும் வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை: 43 அங்குல டிவி ஆர்டர் செய்திருக்கிறேன். நிறுவனத்தின் ஆள் வந்துதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் நான் எதை வீடியோ எடுப்பது ஐயா?

அம்மா, நீங்கள் எடுக்க வேண்டியவை இரண்டு காணொளிகள்; அந்த இரண்டையும் இணைக்கும் ஓர் அடையாளமும் வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அவருக்கு டிவி வந்தது. வாங்கியவுடன் பெட்டியைத் திண்ணையில் நிறுத்திவைத்து, பகல் வெளிச்சத்தில் முதல் காணொளியை எடுத்தார். கூரியர் லேபிளில் இருந்த பெயரும் பார்சல் எண்ணும் படிக்கும்படி சில நொடிகள் நிறுத்திக் காட்டினார். பிறகு பெட்டியின் ஆறு பக்கங்களையும், ஒட்டுநாடா எங்கும் கிழியாமல் இருப்பதையும் காட்டினார். இடது கீழ் மூலையில் அட்டை உள்வாங்கி நசுங்கியிருந்ததை நெருங்கி எடுத்தார். இறுதியாக ஒட்டுநாடாவின் மேலும் அட்டையின் மேலும் ஒருசேரப் படும்படி பேனாவால் கையெழுத்திட்டுத் தேதியும் எழுதினார். பெட்டியை யார் திறந்தாலும் அந்தக் கையெழுத்து இரண்டாகப் பிரிந்துவிடும்.

தொழில்நுட்பர் வந்தது நான்கு நாள் கழித்து. இரண்டாவது காணொளி அந்தக் கையெழுத்து முழுமையாக இருப்பதிலிருந்து தொடங்கியது. இடையில் நிறுத்தாமல், நாடாவை வெட்டுவது, தெர்மாகோலை எடுப்பது, டிவியின் பின்புறத்தில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருப்பது, மின்சாரம் கொடுத்துத் திரை ஒளிர்வது என எல்லாம் ஒரே ஓட்டமாகப் பதிவாயின. திரை அணைந்திருந்தபோது கீறல்கூடத் தெரியவில்லை. ஒளிர்ந்ததும் இடது கீழ் மூலையிலிருந்து சிலந்தி வலைபோல் விரிசலும், அதிலிருந்து மேலே செல்லும் கோடுகளும் தெரிந்தன. பேனலின் உள்கண்ணாடி உடைந்தாலும் அதன் மேலே ஒட்டிய படலம் கிழியாமல் இருப்பதால்தான் இப்படி நேர்கிறது. டிவியை வெளியே எடுத்ததும் பதிவை நிறுத்திவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள்.

நிறுவனம் முதலில், வாடிக்கையாளர் கையாண்டதால் ஏற்பட்ட சேதம் என்று பதில் எழுதியது. நாங்கள் வாதாடவில்லை. முதல் காணொளியில் எந்த நிமிடத்தில் நசுங்கிய மூலை தெரிகிறது, இரண்டாவதில் எந்த நிமிடத்தில் கையெழுத்து, எந்த நிமிடத்தில் சீரியல் எண், எந்த நிமிடத்தில் விரிசல் என்று நான்கு வரிகள் மட்டும் எழுதினோம். அட்டை நசுங்கிய மூலையும் விரிசல் தொடங்கிய மூலையும் ஒன்று என்பதே எங்கள் முழு வாதம். மூன்றாம் வாரத்தில் வேறு டிவி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பர் நீட்டும் ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அதில் வாடிக்கையாளரால் சேதம் என்று இருந்தால், பெட்டி பிரிக்கும்போதே உடைந்திருந்தது என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கான கால வரம்பு பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்தே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆகவே தொழில்நுட்பர் வரத் தாமதமானால், காத்திருக்கிறேன் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பாபநாசம், கல்லூரி மாணவர்: பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகாரே செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இது ஏன் பலருக்குத் தெரியவில்லை?

பாதி சரி, தம்பி. சில விற்பனையாளர்கள் தங்கள் நிபந்தனைகளில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அப்படிச் சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். குறை வந்தபோதே இருந்ததா என்பதில்தான் தகராறு எழுகிறது. காணொளி பயன்படுவதும் அங்கேதான். காணொளி எடுக்காதவர் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கே படங்களுடன் புகார் பதிந்தால் அவருக்கும் வழி அடைபடவில்லை.

திருவாரூர், கணக்கர்: லேப்டாப் பெட்டியில் சார்ஜர் இல்லை. காலிப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினேன். ஏற்க மறுக்கிறார்கள்.

இல்லாத ஒன்றைக் காட்டுவது உடைந்த ஒன்றைக் காட்டுவதைவிடக் கடினம். காலிப் பெட்டியின் படத்தைப் பார்ப்பவருக்கு, சார்ஜரை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு எடுத்த படமாகவும் அது தோன்றலாம். ஆகவே இத்தகைய பதிவில் போனை ஓரிடத்தில் நிலையாக நிறுத்திவைத்து, பெட்டியும் இரண்டு கைகளும் கடைசிவரை காட்சிக்குள்ளேயே இருக்கும்படி பிரிக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு பொருளையும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைக்க வேண்டும். சார்ஜர் இருக்க வேண்டிய குழியைக் காட்டிய பின், உள் அட்டைகளையும் பிரித்து, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்ட வேண்டும்.

பிரிப்பதற்கு முன் எடை போட்டால் வாதம் வலுப்படும். சில கூரியர் லேபிள்களில் எடை அச்சிடப்பட்டிருக்கும். உங்களிடம் பெட்டியும் உள்ளிருந்தவையும் அப்படியே இருந்தால், பக்கத்து மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சார்ஜரின் எடையாக இருந்தால், அனுப்பிய இடத்திலிருந்து வழியில் எங்கோ ஒன்று குறைந்திருக்கிறது என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. எடை ஒத்துப்போனால் அனுப்பும்போதே அது வைக்கப்படவில்லை என்று கருதலாம். அப்போது கேள்வி விற்பனையாளரை நோக்கித் திரும்பும். புகாருக்கு முன், உள்ளடக்கப் பட்டியலில் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கைப்பேசிகள் இப்போது சார்ஜர் இல்லாமலேயே விற்கப்படுகின்றன.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: போன ஐப்பசி இடியில் எங்கள் டிவி போய்விட்டது. வாங்கி இரண்டு வருடம். வீடியோ எடுக்கவில்லை. இப்போது கேட்க முடியுமா?

ஐயா, பெட்டி பிரிக்கும் காணொளி, பொருள் வந்து சேர்ந்தபோது எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். இடியால் ஏற்பட்ட சேதத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. காணொளி இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு இருந்தால் அதில் கேளுங்கள்.

மயிலாடுதுறை, இல்லத்தரசி: வீடியோவை வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பிவிட்டு, போனில் இடம் இல்லாததால் அழித்துவிட்டேன். அக்காவிடம் இருக்கும் வீடியோ போதுமா?

காட்சி போதலாம், எழுத்துகள் போதாமல் போகலாம். வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி அனுப்புவதால் லேபிளின் சிறிய எண்கள் மங்கிவிடும். அக்காவிடம் இருப்பதை உடனே கணினிக்கு மாற்றி, லேபிளும் சீரியல் எண்ணும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கைப்பேசியாக இருந்தால் நல்லவேளை: `*#06#` அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் இப்போதும் ஒப்பிட்டுக் காட்டலாம். இனி அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அப்படியானால் சுருங்காது. 1080 தரத்தில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 130 எம்பி ஆகும் என்பதால், பிரிப்பதற்கு முன்பே போனில் இடம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. பாதியில் இடம் தீர்ந்து நின்ற காணொளிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூர், வழக்கறிஞரின் உதவியாளர்: மின்னணுப் பதிவைச் சான்றாகத் தர 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் குறிப்பிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் இதை வலியுறுத்துகிறார்களா?

நீங்கள் சொல்லும் சட்ட நிலை சரி. சான்றிதழின் ஒரு பகுதியைத் தரப்பினரும் இன்னொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். ஆணையம் சுருக்கமான நடைமுறையில் விசாரிப்பதால், எதிர்த்தரப்பு காணொளியின் உண்மைத்தன்மையை மறுக்காதவரை இந்தக் கேள்வி எழாமலே முடிந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். மறுத்தால் என்ன ஆகும் என்பது அந்தந்த அமர்வைப் பொறுத்தது. எப்படியானாலும் பதிவு செய்த அன்றே, கோப்பின் கைரேகை போன்ற எண்வரிசையான ஹாஷைக் குறித்துவைப்பதில் செலவு எதுவும் இல்லை. விண்டோஸ் கணினியில் இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile video.mp4 SHA256
```

வரும் எண்வரிசையை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று சொல்லத் தேதியுடன் ஓர் ஆதாரம் இருக்கும். பதிவு செய்த போனை விற்கவோ முழுமையாக அழித்துப் புதுப்பிக்கவோ வேண்டாம் என்று உங்கள் கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். அவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு.

நீடாமங்கலம் அருகே, வெளியூரில் வேலை பார்ப்பவர்: எங்கள் ஊருக்குள் கூரியர் வண்டி வராது. மெயின் ரோட்டு டீக்கடையில் வைத்துவிட்டுப் போன் செய்வார்கள். அப்பாதான் போய் எடுத்துவருவார். ஓடிபி என் போனுக்கு வரும். யார், எங்கே வீடியோ எடுப்பது?

நம் பக்கத்துக் கிராமங்களில் இது நித்தமும் நடப்பது. இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஓடிபியைச் சொன்ன நொடியில், பொருள் நல்லபடியாகக் கைக்கு வந்தது என்று அவர்கள் பக்கம் பதிவாகிவிடுகிறது. ஆகவே அப்பா கடைக்குப் போய்ச் சேர்ந்து, பெட்டியின் லேபிளையும் நாடாவையும் உங்களுக்குக் காணொளி அழைப்பில் காட்டிய பிறகே எண்ணைச் சொல்லுங்கள். அந்த அழைப்பு உங்கள் போனில் தானாகப் பதிவாகாது என்பதால், அதே இடத்தில் அப்பாவின் போனில் ஒரு நிமிடப் பதிவும் வேண்டும். கார்த்திகை மழையில் பெட்டி நனைந்திருந்தால் ஈரம் ஏறிய பக்கத்தை அங்கேயே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள் அட்டை காய்ந்துவிடும். வாசலிலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டும் டெலிவரி முறை உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனாலும் வண்டி கிளம்பியதற்கும் அப்பா கடையை அடைந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் பெட்டி யார் கையில் இருந்தது என்பதை எந்தக் காணொளியும் சொல்லாது. நேர்த்தியாகப் பிரித்து மீண்டும் ஒட்டிய பெட்டியையும் காணொளியில் கண்டுபிடிப்பது அரிது; நாடா இரண்டு அடுக்காக இருக்கிறதா, அதன் கீழே அட்டையின் மேல்தோல் உரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். அப்படித் தெரிந்தால் பொருளை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, காரணத்தை அன்றே எழுத்தில் பதியுங்கள். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.