பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: அம்பத்தூரில் சிறிய காப்பீட்டு ஏஜென்சி நடத்துகிறேன். எங்கள் அலுவலகப் பெண்ணின் ஜிமெயிலுக்குள் நேற்று யாரோ நுழைந்துவிட்டார்கள். அதில் 240 பேரின் ஆதார், பாலிசி நகல்கள், சிலரின் மெடிக்கல் ரிப்போர்ட் இருந்தன. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். வாடிக்கையாளர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கம்பெனி ஏஜென்சியை ரத்து செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் போன் வாடிக்கையாளருக்கு அல்ல, கம்பெனிக்கு. இதைப் படித்ததும் கிளை மேலாளரிடம் பேசி, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. உங்கள் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட்டது. பல கம்பெனிகளின் பாலிசி விற்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ரத்து செய்யவே மாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் நீங்கள் மறைத்து, அது வாடிக்கையாளரின் புகாராக அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் உங்கள் பக்கம் பேச ஆளே இருக்காது.

அவர்கள் எதிர்பார்ப்பது மன்னிப்புக் கடிதம் அல்ல, விவரம். எப்போது தெரிந்தது, எந்தெந்த பாலிசி எண்கள், யாருடைய எந்த ஆவணம் என்ற பட்டியல். கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், பலரும் பதற்றத்தில் செய்கிற தவறு அது. அதோடு ஆதாரமும் போய்விடும். ஜிமெயில் அமைப்புகளில் Forwarding and POP/IMAP பகுதியையும், Filters பகுதியையும் பாருங்கள். தெரியாத முகவரிக்கு மெயில் தானாகப் போகும்படி வைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் நீக்குங்கள்.

வாடிக்கையாளருக்கான வாசகத்தைக் கம்பெனியோடு பேசி முடிவு செய்யுங்கள். 'சில தகவல்கள் வெளியாகியிருக்கலாம்' என்று பூசி மெழுகினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்:

"எங்கள் அலுவலக மெயிலுக்குள் நேற்று வெளியாள் நுழைந்துவிட்டார். உங்கள் ஆதார் நகலும் பாலிசி நகலும் அதில் இருந்தன. உங்கள் பாலிசி எண்ணைச் சரியாகச் சொல்லி யாராவது பிரீமியம் கேட்கலாம். போனில் வரும் யுபிஐ எண்ணுக்குப் பணம் போடாதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சந்தேகம் இருந்தால் நீங்கள் வழக்கமாக அழைக்கும் எங்கள் எண்ணிலேயே கேளுங்கள்."

இதில் லிங்க் எதுவும் வைக்காதீர்கள். லிங்க் இருந்தால் உங்கள் செய்தியே மோசடி போலத் தெரியும். அவரவருக்கு எது போனதோ அதை மட்டும் எழுதுங்கள். ஆதார் போகாதவருக்கு ஆதார் என்று அனுப்பிக் கலங்கடிக்க வேண்டாம். எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து அனுப்பினால், யார் யார் உங்கள் வாடிக்கையாளர் என்பதையும் நீங்களே வெளியிட்டதாகிவிடும்.

மெடிக்கல் ரிப்போர்ட் போனவர்களுக்கு மட்டும் செய்தி போதாது. அவர்களை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டாருக்கே தெரியாத நோய் அதில் இருக்கலாம். அதனால் போனை எடுத்தது அவர்தானா என்று உறுதி செய்துகொண்டு பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். அடுத்து, இந்த மாதம் பிரீமியம் கட்ட வேண்டிய பெரியவர்கள். மோசடிக்காரர்கள் முதலில் அழைக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.