இடுப்பில் நீலம், முன்கையில் திட்டு: இரண்டும் ஒன்றல்ல

டாக்டர், அப்பாவுக்கு 76 வயது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால், ரத்தம் உறையாமல் இருக்கச் சில வருடங்களாக அசிட்ரோம் 2 மி.கி. சாப்பிடுகிறார். முன்கையில் அடிக்கடி கருஞ்சிவப்புத் திட்டு வரும், போகும். போன வாரம் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிக் கொடுத்தோம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கும் போட்டுக்கொண்டார். இப்போது அடிபடாமலே இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருக்கிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. நெட்டில் பார்த்தால் ரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. பயந்துபோய் நேற்று முதல் அசிட்ரோமையும் கீரையையும் நிறுத்திவிட்டோம். சரிதானா?

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இன்றே எடுங்கள், அந்த எண் ஏறினால் ரத்தக்கசிவு அபாயமும் ஏறும். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ரத்தம் எடுக்கும்போதே முழு ரத்த அணுப் பரிசோதனைக்கும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். முடிவு கையில் வந்ததும் அசிட்ரோம் எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் போங்கள்.

முன்கைத் திட்டுக்களை விட்டுவிடுங்கள். வயதானால் தோல் மெலிந்து, அடியில் ரத்தக்குழாய்களைத் தாங்கும் சதைப்பற்றும் குறைந்துவிடும். கதவில் லேசாக உரசினாலும் ரத்தம் கசியும், உரசியது அவருக்கே நினைவிருக்காது. இந்த மாத்திரை சாப்பிடாத முதியவர்களுக்கும் இது வருவதுண்டு, மாத்திரை இருந்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் மங்கிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும். களிம்பு எதுவும் வேண்டாம்.

இடுப்பு விஷயம் வேறு. கதவிலும் மேசையிலும் இடிபடாத இடத்தில், அடியே படாமல் இவ்வளவு பெரிய ரத்தக்கட்டு. கூடவே ஈறிலும் கசிவு. இரண்டும் புது மாத்திரை தொடங்கிய அதே வாரத்தில். நான் கவலைப்படுவது இந்தச் சேர்க்கையைப் பார்த்துத்தான். அசிட்ரோமைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். மெட்ரோனிடசோல் அந்த வேலையைத் தடுத்துவிடும். அப்பா அதே 2 மி.கி.தான் விழுங்கியிருப்பார், ஆனால் உடம்பில் அது அதிக டோஸ் போல வேலை செய்திருக்கும். அவருக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும். இப்படிச் சேர்த்துச் சாப்பிட்ட சில நாட்களில் அது 5, 6 என்று ஏறுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் இதே வேலையைச் செய்யும்.

டைக்ளோஃபினாக் செய்யும் கெடுதல் வேறு வகை. அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், இரைப்பையின் உள்தோலையும் அரிக்கும். இந்தப் பாதிப்பை ஐ.என்.ஆர். எண் காட்டாது. அதனால் எண் 2.5 என்று வந்தாலும் டைக்ளோஃபினாக்கைத் தொடரக் கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும், கடுமையான தலைவலி திடீரென்று வந்தாலும் அப்படித்தான். "நல்லாத்தானே பேசுறார்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், அன்றே தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அசிட்ரோமை நீங்களே நிறுத்தியது பிடிக்கவில்லை. எண் ஏறியிருந்தால் ஒன்றிரண்டு வேளை நிறுத்தச் சொல்லி நாங்களே சொல்வோம், மிக அதிகமாக இருந்தால் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுப்போம். ஆனால் எத்தனை வேளை, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். அசிட்ரோமின் பிடி இரண்டு நாளிலேயே தளர்ந்துவிடும். மெட்ரோனிடசோல் முடிந்ததும் கல்லீரல் பழையபடி வேலை செய்யத் தொடங்கும். அப்போதும் நீங்கள் மாத்திரையைத் தராமலே இருந்தால் இதயத்தில் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்கத்தானே இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்? இன்று எடுத்த பிறகு, ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆரை மறுபடி பாருங்கள்.

ரத்தப் புற்றுநோயா என்று நெட்டைக் கேட்பதை நிறுத்துங்கள். அணுப் பரிசோதனையில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் ஒழுங்காக இருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. தட்டணு மிகவும் குறைந்தால் பெரும்பாலும் கணுக்காலைச் சுற்றி ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அழுத்தினாலும் மறையாது. அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

கீரை பழையபடி இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் சாப்பிட்டவர் அதே இரண்டு நாள் சாப்பிடட்டும். கீரையில் இருப்பதும் அதே வைட்டமின் கேதான், அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். ஏறும், நீங்கள் நேற்று செய்தது நோக்கத்துக்கு நேர் எதிர்.

மூட்டுவலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் தினமும் நிறைய வேண்டாம். இனி எந்த மருந்துக்கடைக்குப் போனாலும், எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அசிட்ரோம் சீட்டை நீட்டுங்கள். ஆன்டிபயாடிக் கட்டாயம் என்றால், தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு ஐ.என்.ஆர். எடுக்க அன்றே தேதி குறித்துவிடுங்கள்.